பொன்னி என்று எழுதினால் போதுமா?

2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று இந்திய அரசு தடை போட்டது. செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தது. அந்த வார இறுதியில் அமெரிக்காவின் இந்திய மளிகைக் கடைகளில் திருவிழாக் கூட்டம். வண்டி நிறைய அரிசி மூட்டையை அடுக்கிக்கொண்டு பணம் கட்டும் வரிசையில் நின்றார்கள். சில கடைகளில் குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று அட்டை எழுதி ஒட்டினார்கள். விலை கேட்க வேண்டியதே இல்லை, மளமளவென ஏறியது.

வரிசையில் நின்ற தமிழர்களில் பலர் தூக்கிக்கொண்டு போனது இட்லி அரிசி, பொன்னிப் புழுங்கல். இரண்டுக்கும் தடையே கிடையாது. தடை வந்தது பச்சரிசிக்கு மட்டும். புழுங்கல் அரிசிக்கு ஆகஸ்ட் 25 அன்று 20 சதவிகிதம் ஏற்றுமதி வரி போட்டார்களே தவிர, கப்பல் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் பச்சரிசித் தடையும் நீங்கியது. இதை இப்போது சொல்வதற்குக் காரணம், அன்றைய பதற்றத்தில் வெளிப்பட்ட ஓர் உண்மை: வாங்குகிற அரிசி என்ன அரிசி என்பது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. ஊரில் தெரிந்திருக்க அவசியமும் இல்லை. அரிசிக் கடைக்காரருக்கு நம் வீட்டைத் தெரியும், அம்மாவுக்கு அரிசியைத் தெரியும். நியூ ஜெர்சியின் ஓக் ட்ரீ ரோட்டில் அந்த இருவரும் இல்லை. மூட்டை மட்டும் இருக்கிறது.

மூட்டையில் பெரிய எழுத்தில் பொன்னி என்றோ சோனா மசூரி என்றோ போட்டிருக்கும். கோபுரமோ, வயலில் நாற்று நடும் பெண்களோ படத்தில் இருப்பார்கள். இதெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டியவை அல்ல. கண் போக வேண்டியது, ரகப் பெயருக்குக் கீழே சின்னதாக இருக்கும் சொல்லுக்கு. அங்கே 'பாயில்டு' அல்லது 'பார்பாயில்டு' என்று இருந்தால் புழுங்கல். 'ரா' என்றோ 'ஸ்டீம்' என்றோ இருந்தால் வேறு அரிசி. ஒன்றும் எழுதாத சோனா மசூரி மூட்டை பெரும்பாலும் பச்சரிசிதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கல்யாணமாகி வந்த புதிதில், 'பொன்னி' என்ற பெயரை மட்டும் பார்த்து இருபது பவுண்டு மூட்டை ஒன்றை வாங்கிவிட்டார். சோறு குழைந்தது. சரி, தண்ணீர் கூடிவிட்டது என்று விட்டுவிட்டார். அடுத்து அதே அரிசியில் இட்லிக்கு ஊறப்போட்டு ஆட்டினார். மாவு பொங்கத்தான் செய்தது, ஆனால் இட்லி ஒட்டலும் கனமுமாக, ஆறியதும் கல்லாக வந்தது. உளுந்து சரியில்லை என்று உளுந்தை மாற்றினார். குளிர் என்று மாவை அடுப்பின் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தார். எதுவும் மாறவில்லை. கடைசியில் ஊரிலிருந்து வந்த மாமியார் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் கொட்டி ஜன்னல் பக்கம் காட்டிவிட்டு, "இது பச்சரிசிம்மா. இதுல எப்படி இட்லி வரும்?" என்றாராம்.

அவர் வெளிச்சத்தில் பார்த்தது என்னவென்றால், மணியின் நிறத்தை. புழுங்கல் அரிசி என்பது நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்துப் பிறகு அரைப்பது. அவிக்கும்போது மணிக்குள் இருக்கும் மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிடுகிறது. தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கும் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் மணி லேசான மஞ்சளாக, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாக இருக்கும். பச்சரிசி வெள்ளை வெளேரென்று, சில மணிகளில் நடுவே சுண்ணாம்புத் திட்டோடு இருக்கும். வெளிச்சத்தில் சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு கரண்டி அரிசியைத் தண்ணீரில் அரை மணி நேரம் போடலாம். பச்சரிசி பால்போல் வெளுத்து, விரலால் நசுக்கினால் உடைந்துவிடும். புழுங்கல் அவ்வளவு சீக்கிரம் மசியாது, அதற்கு மணிக்கணக்கில் ஊற வேண்டும்.

இட்லிக்கு என்றால் பொன்னிப் புழுங்கலைக்கூட நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது சன்ன ரகம், சோற்றுக்கானது, விலையும் கூட. 'இட்லி அரிசி' என்று தனியாக விற்பது குண்டு ரகப் புழுங்கல். ஊரில் ஏ.டி.டீ. 37, ஏ.எஸ்.டீ. 16 மாதிரியான கட்டை ரகங்கள்தான் இதற்குப் போகும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, தனித்தனியாக ஊறவைத்து, அரிசியை சன்ன ரவைப் பதத்தில் ஆட்டினால் போதும். இந்தியக் கடையே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் நீள மணி 'பார்பாயில்டு' அரிசியும் புழுங்கல்தான். எழுபதுகளில் இங்கே வந்த தலைமுறை அங்கிள் பென்ஸ் அரிசியை ஊறவைத்துத்தான் இட்லி சுட்டது. அது நீள ரகம் என்பதால் உளுந்தைக் கொஞ்சம் கூட்டி, மூன்றுக்கு ஒன்று போட்டால் இட்லி மெத்தென்று வரும். வாசம் வேறாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் தமிழ்ப் பெயர் போட்ட பச்சரிசியைவிட அது எவ்வளவோ மேல்.

இனி ரகத்துக்கு வருவோம். ஊர் அரிசி வேண்டும், சோனா மசூரி ஆந்திரா அரிசி, பொன்னிதான் நம் அரிசி என்று சண்டைக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான், அவள் மலேசியாக்காரி. ஐம்பதுகளில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு கட்டாக்கில் நடத்திய நெல் ஒட்டுத் திட்டத்தில் தைவானின் தைச்சுங் 65-ஐயும் மலேசியாவின் மாயங் எபோஸ் 80-ஐயும் கலந்தார்கள். அதிலிருந்து மலேசியாவில் தேறி வந்த ரகம் மசூரி. அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1986-இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டதுதான் வெள்ளைப் பொன்னி. ஆந்திராவில் மசூரியை சோனாவோடு ஒட்டியதில் வந்தது சோனா மசூரி. அதே 1986-இல் பாபட்லாவிலிருந்து வந்த பி.பி.டி. 5204-க்கும் மசூரிதான் மூலம். அந்த பி.பி.டி. அரிசியே தமிழ்நாட்டு மண்டிகளில் ஆந்திரா பொன்னி என்ற பெயரில் போகிறது. ஆகவே கடையில் பொன்னி தீர்ந்துவிட்டது என்றால் முகத்தைத் தொங்கப் போட வேண்டாம். நல்ல பழைய சோனா மசூரி, சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் குறை வைக்காது. அது பச்சரிசி என்பதை மட்டும் மறக்காமல் தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும்.

'பழைய' என்று சொன்னேன் அல்லவா, உண்மையில் ரகத்தைவிட அதுதான் முக்கியம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடை பெரும்பாலும் தை, மாசியில் முடியும். அந்த நெல் உடனே அரைபட்டுக் கப்பல் ஏறினால் கோடைக்காலத்தில் இங்கே கடைக்கு வந்துவிடும். அது புது அரிசி. புது அரிசி தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் குழையும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும். நெல்லாகவோ அரிசியாகவோ பத்துப் பன்னிரண்டு மாதம் கிடந்தால் மணி இறுகி, அதிகத் தண்ணீர் குடித்து, உதிரி உதிரியாக, அளவில் கூடுதலாக வேகும். ஊரில் பழைய அரிசிக்கு விலை கூடுதலாக இருப்பது இதனால்தான்.

மூட்டையில் அச்சடித்த தேதி இதைச் சொல்லாது. அது பொட்டலமிட்ட தேதி, அறுத்த தேதி அல்ல. சில நிறுவனங்கள் பழைய அரிசி என்றோ, இத்தனை மாதம் பழையது என்றோ தனியாகப் போடுவார்கள். போடாதவற்றுக்குக் கடைக்காரர்தான் கதி. எடிசன் பக்கம் நான் போகும் கடையில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார். "அண்ணாச்சி, இது பழசா?" என்றால் மூட்டையைப் பார்க்கவே மாட்டார். "போன வாரம் எடுத்துட்டுப் போனவங்க ரெண்டு பேரு கொழையுதுன்னு சொன்னாங்க, பக்கத்து மூட்டையை எடுங்க" என்பார். எந்த லேபிளையும்விட இது நம்பகமானது. அவர் மாதிரி ஆள் கிடைக்காதவர்கள், பெரிய மூட்டைக்குப் போகும் முன் அதே நிறுவனத்தின் சின்னப் பொட்டலத்தை வாங்கி ஒரு டம்ளர் வடித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரே நிறுவனம் ஆனாலும் அடுத்த கப்பலில் வந்தது வேறு மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இறக்குமதியாளர்கள் பலரும் மில்லில் கிடைப்பதை வாங்கித் தங்கள் பையில் போடுகிறவர்கள், பை மட்டும்தான் மாறாமல் இருக்கும். புது அரிசி வீட்டுக்கு வந்துவிட்டதா? தூக்கிப் போட வேண்டாம். தண்ணீரை அரை டம்ளர் குறைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், புத்தரிசிக்கு அதைவிட நல்ல கதி ஏது?

சில அரிசிகளை இந்தியக் கடைக்கு வெளியே தேடினால்தான் கிடைக்கும். திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிக்குரிய சீரகச் சம்பா தட்டுப்பாடான நாட்களில் வங்காளதேசத்துக் கடைக்குப் போங்கள். காலிஜீரா, சினிகுரா என்ற பெயர்களில் அங்கே விற்கும் குட்டி மணி அரிசி, உருவத்திலும் வாசத்திலும் சீரகச் சம்பாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மேற்கு வங்கத்தின் கோபிந்தோபோக் அரிசியும் அப்படித்தான். அதே சமயம் இலங்கைக் கடையில் இருக்கும் கீரிச் சம்பாவைப் பார்த்து ஏமாற வேண்டாம், சின்ன மணிதான், ஆனால் குணம் வேறு, பிரியாணிக்குரிய அந்த வாசம் அதில் இருக்காது. செட்டிநாட்டுக் கவுனி அரிசி இனிப்புக்குச் சீனக் கடையிலோ தாய்லாந்துக் கடையிலோ கிடைக்கும் கறுப்பு ஒட்டரிசி அருமையாகப் பொருந்தும். செட்டியார்கள் பர்மாவிலிருந்து கொண்டு வந்ததுதான் கவுனி என்று சொல்வார்கள், அங்கே பக்கத்து நாடுகளின் கடையில் அதன் சொந்தம் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் 'பிளாக் ரைஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது ஒட்டாத ரகமாக இருக்கலாம், 'ஸ்டிக்கி' அல்லது 'கிளூட்டினஸ்' என்ற சொல் இருக்க வேண்டும். முதல் நாள் இரவே ஊறவைக்கவும் வேண்டும். கொழுக்கட்டை மேல்மாவுக்குத் தாய்லாந்தின் மூன்று யானை மார்க் அரிசி மாவு பலருக்கும் பிடிக்கிறது. சிவப்பு எழுத்துப் பையை எடுக்க வேண்டும். பச்சை எழுத்துப் பை ஒட்டரிசி மாவு, அதில் கொழுக்கட்டை பிடித்தால் பசையாகிவிடும்.

அரிசியில் பெயர் ஏமாற்றும் என்றால் பொடியில் நிறம் ஏமாற்றும். பொட்டலத்தின் பின்பக்கம்தான் பொடியின் ஜாதகம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சேர்மானப் பொருட்களை எடை வரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். எது அதிகமோ அது முதலில். சாம்பார் பொடி என்றால் மல்லி முதலில், மிளகாய் அடுத்து, பிறகு துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், பெருங்காயம் என்று இறங்கி வர வேண்டும். உப்பு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்தால் நீங்கள் உப்புக்கு மசாலா விலை கொடுக்கிறீர்கள். பட்டை, கிராம்பு, கொப்பரை இருந்தால் அது கலப்படம் இல்லை, கர்நாடகப் பாணி. பிசிபேளாவுக்கு அருமை, கும்பகோணத்து வீட்டுச் சாம்பாரை அதில் தேடினால் கிடைக்காது. 'மெட்ராஸ் கறி பவுடர்' என்ற டப்பா எல்லா நாட்டிலும் உண்டு, சென்னையில் யார் வீட்டிலும் இல்லை.

பெருங்காயத்தின் பின்பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும் பங்கு பசையும் மாவும்தான், பெருங்காயம் கொஞ்சம். அதில் தப்பில்லை, சுத்தப் பெருங்காயத்தை யாரும் அப்படியே போட முடியாது. கவனிக்க வேண்டியது மாவு எது என்பது. பெரும்பாலும் கோதுமை மாவு. வீட்டில் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அரிசி மாவு சேர்த்த டப்பாவைத் தேடி எடுக்க வேண்டும்.

சக்தி, ஆச்சி என்று ஊர்ப் பொடிகள் பெரும்பாலான கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அரைத்த பொடி கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் இருந்து வந்தால் வாசம் பாதி போயிருக்கும். என் கணிப்பில், பொடியை மட்டும் இங்கேயே அரைத்துக்கொள்வது நல்லது. முழுப் பொருளாக வந்த மல்லியும் மிளகாயும் வாசத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கும். அரைக் கிலோ மல்லி, கால் கிலோ மிளகாய், துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் நூறு நூறு கிராம், மிளகு ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து, விரலி மஞ்சள் இரண்டு மூன்று துண்டு. தனித்தனியாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தால் சிறிய குடும்பத்துக்குப் பல மாதம் வரும். ஒரு பாட்டிலை வெளியே வைத்து, மீதியைக் காற்றுப் புகாமல் ஃப்ரீசரில் போட்டுவிடலாம். வெயிலில் காயவைக்க வழியில்லாத ஊரில் ஓவனை மிகக் குறைந்த சூட்டில் வைத்து மிளகாயை ஒரு மணி நேரம் உலர்த்திக்கொள்ளலாம்.

இதில் இடறும் இடம் மல்லி. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் மல்லி பெரும்பாலும் மொராக்கோ ரகம், உருண்டையாக, பழுப்பாக இருக்கும். நம் மல்லி நீள்வட்டமாக, வெளிர் பச்சையோ மஞ்சளோ கலந்து, கசக்கினால் எலுமிச்சை வாடை அடிக்கும். மிளகாயிலும் அப்படியே. காஷ்மீரி மிளகாய் நிறத்துக்கு, காரத்துக்கு அல்ல. ராமநாதபுரம் குண்டு மிளகாய் கிடைத்தால் விடக்கூடாது, கிடைக்காதபோது நீள மிளகாயில் அரைத்துவிட்டு வத்தக்குழம்புக்கு மட்டும் மிளகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

டொரோண்டோவின் ஸ்கார்பரோ, லண்டனின் ஈஸ்ட்ஹாம், பாரிஸின் லா ஷப்பேல் ஆகிய இடங்களில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே போனால் இன்னொரு உலகம். தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் அங்கே இருக்கும் யாழ்ப்பாணத் தூளை எடுத்து வந்து சாம்பாரில் போட்டுவிட்டு, கசக்கிறது என்பார்கள். அது சாம்பாருக்கானதே அல்ல. மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் நன்கு கருக வறுத்து இடிப்பது, பருப்பு கிடையாது. மிளகாயின் காரமும் வறுத்த வாசமும் சேர்ந்து கணவாய்க் கறிக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கும் தேங்காய்ப் பால் விட்ட கத்தரிக்காய்க் கறிக்கும் அப்படி ஒரு ருசி தரும். பொட்டலத்தில் 'ரோஸ்டட்' என்று இருக்கிறதா பாருங்கள், வறுக்காத தூளும் பக்கத்திலேயே இருக்கும், இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டாலே தெரியும். அதே கடையில் இடியப்பத்துக்கும் புட்டுக்கும் வறுத்த சிவப்பரிசி மா கிடைக்கும். அதற்காகவே நியூ ஜெர்சியிலிருந்து எல்லை தாண்டிப் போய் வருகிறவர்கள் உண்டு. மஞ்சி, மாலிபன் பிஸ்கட்டுகளையும் எலிஃபண்ட் ஹவுஸ் இஞ்சிச் சோடாவையும் அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள், அவை கொழும்பில் இருந்தவர்களின் பால்ய காலம்.

பலகாரத்துக்கு வருவோம். இங்கே பெயரைவிடத் தேதி பேசும். முறுக்கு, மிக்சர், தட்டை போன்றவற்றுக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் ஆயுள் போட்டிருப்பார்கள். கப்பல் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்ததில் பத்துப் பதினான்கு நாள் கூடியது. துறைமுகம், கிடங்கு, கடை என்று இன்னும் சில வாரங்கள். ஆக, அலமாரியில் கை வைக்கும்போதே பாதி ஆயுள் கழிந்திருக்கும். இந்தியப் பொட்டலங்களில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுவார்கள். அமெரிக்காவில் மாதம் முதலில். 05/08 என்று இருந்தால் ஆகஸ்ட் 5 என்று படிக்க வேண்டும், அமெரிக்கப் பழக்கத்தில் மே 8 என்று படித்து நல்ல முறுக்கைக் கெட்டது என்று வைத்துவிட்டு வரக்கூடாது. உண்மையிலேயே கெட்டதா என்பதை மூக்கு சொல்லும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை, பிரித்த உடனே குப்பென்று வரும். நிலக்கடலை, தேங்காய் சேர்ந்த பலகாரம் முதலில் சிக்கு வாடை பிடிக்கும், வெறும் அரிசி முறுக்கு கொஞ்சம் தாங்கும்.

பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரையும் கவனியுங்கள். இறக்குமதியாளர் இந்த நாட்டுச் சட்டப்படி ஒட்டுவது அது. 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எள்ளும் ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் கட்டாயம் சேர்ந்துவிட்டது, ஆகவே முறுக்கின் ஸ்டிக்கரில் எள் என்று புதிதாக எழுதியிருப்பார்கள், முறுக்கு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு சின்னக் கடையின் பலகாரம் இங்கே ஏன் வருவதில்லை என்பதற்கும் இதே சட்டங்கள்தான் விடை. தயாரிக்கும் இடத்தை அமெரிக்க உணவுத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் முன்கூட்டியே தகவல் தர வேண்டும், ஊட்டச்சத்து அட்டவணை போட வேண்டும். ஒரு தெருமுனைக் கடைக்காரரால் இதெல்லாம் முடியாது. அதனால் மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று பெயர் போட்ட பொட்டலம் கையில் கிடைத்தால், யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்ற வரியைப் பாருங்கள். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள். தயாரித்த முகவரி குஜராத் என்று இருந்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் பெட்டியில் கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றும். பொடியும் பலகாரமும் கொண்டுவரலாம், நன்றாக அடைத்து, சுங்கப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிட்டால் போதும். அரிசிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. கிடங்குத் தானியத்தை நாசமாக்கும் கப்ரா வண்டு உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், பயணிகள் பெட்டியில் அரிசி கொண்டுவர அமெரிக்கா 2011 முதல் அனுமதிப்பதில்லை. அப்பா வயலில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பா என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை, ஒரு கிலோ என்றாலும் குப்பைத் தொட்டிக்குப் போகும். கப்பலில் மூட்டையாக வருவது அங்கேயே பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றுத்தான் வருகிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் இதே கதை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால். லண்டன் போகிறவர்கள் பால்கோவாவைப் பெட்டியில் வைக்கக் கூடாது, வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருள் கொண்டுவருவதை பிரிட்டன் அனுமதிப்பதில்லை. தடைப் பட்டியலில் இருப்பதை மறைத்து மாட்டிக்கொண்டால் அபராதமும் உண்டு. சொல்லிவிட்டால் பொருள் மட்டும்தான் போகும். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பெட்டிக்குள் இரண்டு கிலோ அரிசியைச் செருகப் பார்த்தால், அதை எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் வறுத்து அரைத்த சாம்பார் பொடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.